மூணாவது மணி அடிக்கிறதுக்குள்ள

லேண்ட்லைனை யாரும் எடுக்காவிட்டால் அது எவ்வளவு நேரம் அடிக்கும்? அறுபது விநாடி. செல்போன் என்றால் முப்பது. தொலைபேசி நிறுவனங்கள் ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்த நிலையில், 2019 நவம்பரில் டிராய் இந்த அளவை வகுத்தது. நம்மூரில் கூப்பிடுபவரின் காதில் விழுகிற ‘ட்ரிங் ட்ரிங்’, நடுவே வரும் இடைவெளியையும் சேர்த்து, மூன்று விநாடிக்கு ஒரு முறை திரும்ப வரும். ஆக, மூணாவது மணிக்குள் போனை எடு என்று ரிசப்ஷனில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லித் தருகிறார்களே, அதற்கு ஏறக்குறைய ஒன்பது விநாடி.

மதுரை மாதிரி ஊரில் இருக்கும் நடுத்தரமான தனியார் மருத்துவமனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. மேஜைக்கு முன்னால் ஓபி சீட்டுக்கு வரிசை நிற்கிறது. உள்ளே இன்டர்காம் அடிக்கிறது. வெளி லைன் இரண்டும் அடிக்கின்றன. ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணுக்கு இந்த நெரிசல் முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறது. மறுமுனையில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. மணி அடிக்கிறது, ஆள் எடுக்கவில்லை, அவருக்குத் தெரிவது அவ்வளவுதான். போனில் மரியாதை என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி, அவர் கண்ணுக்குத் தெரியாததை வாயால் சொல்லிக்கொண்டே இருப்பதுதான். குரலைக் குழைப்பது அதற்குப் பிறகு.

முன்னால் நிற்பவரை என்ன செய்வது? பேசிக்கொண்டிருக்கும்போதே படக்கென்று போனை எடுத்துத் திரும்பிக்கொண்டால், ஒரு மணி நேரம் வரிசையில் நின்றவருக்குக் கோபம் வரத்தான் செய்யும். “ஒரு நிமிஷம்ப்பா, இந்த போனை எடுத்துக்குறேன்” என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும். போனில் இருப்பவரின் பெயரையும் நம்பரையும் குறித்துக்கொண்டு, “பத்து நிமிஷத்துல நானே கூப்பிடுறேன்” என்று சொல்லிவிட்டு இவரிடம் திரும்பிவிடலாம். நேரில் வந்தவருக்குத்தான் முதலிடம். அவசரக் கேஸ் மட்டும் இதற்கு விலக்கு.

எடுத்ததும் என்ன சொல்வது?

“ஹலோ” என்று மட்டும் சொன்னால் எதிர்முனை “ஹலோ” என்னும். மறுபடி இங்கே ஒரு “ஹலோ”. பிறகு “யாருங்க?” “நீங்க யாருங்க?” என்று போகும். கூப்பிட்டவருக்கு முதலில் தெரிய வேண்டியது, சரியான இடத்துக்குத்தான் போன் வந்திருக்கிறதா என்பது. அதனால் பெரும்பாலான மருத்துவமனைகளில் பழக்கத்தில் இருக்கும் வரிசை இது: வணக்கம், மருத்துவமனையின் பெயர், பேசுபவரின் பெயர், பிறகு கேள்வி. “வணக்கம், இன்ன மருத்துவமனை, ரிசப்ஷன்ல கவிதா பேசுறேன். சொல்லுங்க, என்ன வேணும்?” நிதானமாகச் சொன்னாலும் ஐந்து விநாடிக்குள் முடிந்துவிடும்.

வணக்கம் முதலில் வருவதற்கு மரியாதையோடு இன்னொரு காரணமும் உண்டு. கூப்பிட்டவர் செல்போனைக் காதிலிருந்து எடுத்து, “எடுக்கலைங்க” என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிக்கொண்டிருப்பார். லைன் கிடைத்த அந்தக் கணத்தில் வரும் முதல் சொல் பல நேரம் அவர் காதில் விழுவதில்லை. அந்த இடத்தில் மருத்துவமனையின் பெயர் இருந்தால், பெயர் போய்விடும். வணக்கம் இருந்தால் நஷ்டமில்லை. காது லைனுக்கு வந்த நேரத்தில் பெயர் வந்து சேரும்.

நீட்டி முழக்கினாலும் ஆபத்துதான். நிறுவனத்தின் விளம்பர வாசகம், பண்டிகை வாழ்த்து, “தங்களுக்கு எவ்வகையில் உதவலாம்” என்று ஒப்பிப்பதற்குள், நெஞ்சு வலிக்காரரின் மகன் இடைமறித்துப் பேசத் தொடங்கியிருப்பார். எழுதிக் கொடுத்ததை நாளுக்கு இருநூறு தடவை சொல்லும்போது, சொற்களெல்லாம் ஒன்றாக ஒட்டி, என்ன பெயர் என்றே புரியாமல் போவதும் நடக்கும். வேறு யாரையாவது விட்டு வெளியிலிருந்து கூப்பிடச் சொல்லிக் கேட்டால் இது உடனே தெரிந்துவிடும்.

சொந்தப் பெயரைச் சொல்லத் தயங்குகிற பெண்கள் உண்டு. நியாயமான தயக்கம். அதற்கு மேஜைப் பெயர் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். யார் உட்கார்ந்தாலும் காலை ஷிப்டில் கவிதா, மாலை ஷிப்டில் மாலா. “காலையில கவிதாகிட்ட பேசினேன்” என்று கூப்பிட்டவர் சொன்னால், எந்த ஷிப்ட், யார் இருந்தார் என்பது நோட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

போனில் பேசுபவரின் நாகரிகம் இன்று நேற்று எழுந்த பிரச்சினை அல்ல. அமெரிக்காவில் முதன்முதலாகத் தொலைபேசி இணைப்பகங்கள் வந்தபோது, தந்தி அலுவலகங்களில் வேலை பார்த்த விடலைப் பையன்களைத்தான் அமர்த்தினார்கள். பையன்கள் சந்தாதாரர்களைத் திட்டினார்கள், குறும்பு செய்தார்கள். புகார் குவிந்தது. 1878 செப்டம்பரில் பாஸ்டனில் எம்மா நட் என்ற பெண் ஆபரேட்டராகச் சேர்ந்தார். அந்த வேலைக்கு வந்த முதல் பெண் அவர். அதன் பிறகு அந்த நாற்காலி பெண்களுடையதாகவே ஆகிப்போனது.

வணக்கம் சொன்ன கையோடு பேனா எடுக்க வேண்டும். முதலில் பெயர், அடுத்து கூப்பிட்ட நம்பர், அதற்குப் பிறகு விஷயம். விஷயத்தை முதலில் கேட்டால் பாதியில் லைன் போய்விடும். திரும்பக் கூப்பிட வழியிருக்காது. மருத்துவமனையின் பழைய இபிஏபிஎக்ஸில் கூப்பிடுபவரின் நம்பர் தெரியாத மேஜைகள் இன்னும் இருக்கின்றன.

குறித்ததைத் திருப்பிச் சொல்வது இதில் பாதி வேலை. சாதாரண தொலைபேசி லைன் ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையான ஒலியைத்தான் கடத்தும். மேல்சுருதியில் இருக்கும் ‘ஸ’, ‘ஃப’ போன்ற ஒலிகளின் கூர்மை அதில் அடிபட்டுப் போகும். நம் பெயர்களுக்கு முன்னால் இனிஷியல் வேறு. எஸ். முருகனா, எஃப். முருகனா? எம். செல்வமா, என். செல்வமா? இரண்டு செல்வமும் ஒரே வார்டில் படுத்திருந்தால் யாருடைய ரிப்போர்ட் யாருக்குப் போகும்? “எம், மதுரைக்கு வர்ற எம்மா? நெல்லைக்கு வர்ற என்னா?” என்று கேட்டுவிடுவதில் வெட்கமே வேண்டாம்.

எண்களில் அறுபதும் எழுபதும் சதிகாரர்கள். “அறுபத்தி ரெண்டாம் நம்பர் டோக்கன்” என்று இங்கே சொல்வது அங்கே எழுபத்தி ரெண்டாக விழும். அதனால் “ஆறு, ரெண்டு” என்று பிரித்துச் சொல்ல வேண்டும். செல் நம்பரையும் மூன்று, மூன்று, நான்காகப் பிரித்துத் திருப்பிச் சொன்னால், தப்பு எந்தத் துண்டில் இருக்கிறதோ அங்கேயே அவர் நிறுத்துவார்.

அடுத்தது ‘லைன்ல இருங்க’. ரிசப்ஷனில் அதிகம் சொல்லப்படும் இந்தச் சொல்தான் சண்டையையும் அதிகம் இழுக்கிறது. “லைன்ல இருங்க” என்று சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் பொத்தானை அமுக்கினால், மறுமுனையில் பாட்டு ஓடும். எதற்காக, எவ்வளவு நேரம்? ஒன்றும் தெரியாது. “ஃபார்மசில கேட்டுச் சொல்லணும், ஒரு நிமிஷம் ஆகும். லைன்ல இருக்கீங்களா, இல்ல நானே கூப்பிடட்டுமா?” என்று கேட்டு, அவர் பதில் சொன்ன பிறகுதான் ஹோல்டில் போட வேண்டும். அரை நிமிடத்துக்கு ஒரு தடவை திரும்ப வந்து, “இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்” என்று சொல்ல வேண்டும். ஹோல்டில் போடாமல் ரிசீவரைக் கையால் பொத்திக்கொள்கிறவர்கள் கவனிக்க: “இந்தாளு மறுபடியும் கூப்பிடுறான்டி” என்பது விரலிடுக்கு வழியாக நன்றாகவே கேட்கும்.

டிரான்ஸ்ஃபரில் இரண்டு வகை. எக்ஸ்டென்ஷன் நம்பரைத் தட்டிவிட்டு அப்படியே ரிசீவரை வைத்துவிடுவது ஒன்று. அந்தப் பக்கம் எடுத்த ஆளிடம், “திருமங்கலத்துல இருந்து செல்வம், அவங்க அம்மா டிஸ்சார்ஜ் பில் சம்பந்தமா” என்று சொல்லிவிட்டு இணைப்பது இன்னொன்று. முதல் வகையில் செல்வம் தன் கதையை மறுபடி ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும். ஆள் எடுக்காவிட்டால் லைன் அறுந்துபோகும். இரண்டாவதற்குக் கூடுதலாகப் பதினைந்து விநாடி ஆகும். கூட்ட நேரத்தில் அந்தப் பதினைந்து விநாடியை மிச்சம் பிடிப்பவர், பத்து நிமிடம் கழித்து அதே செல்வத்தை இரண்டு மடங்கு கோபத்தோடு சந்திப்பார்.

அந்தக் கோபத்தைச் சமாளிப்பது எப்படி? எந்த மருத்துவமனையிலும் வரக்கூடிய ஒரு போனை எடுத்துக்கொண்டு பார்க்கலாம்.

காலை ஒன்பது நாற்பது. “நேத்து அஞ்சு மணிக்கு ஸ்கேன் ரிப்போர்ட் குடுக்குறேன்னீங்க. ரெண்டு தடவை போன் பண்ணிட்டேன். ஒருத்தர்கூட ஒழுங்கா பதில் சொல்ல மாட்டேங்கிறீங்க. என்ன ஆஸ்பத்திரி நடத்துறீங்க?”

இந்த இடத்தில் சட்டென்று வாயில் வருகிற பதில்கள் மூன்று. “கத்தாதீங்க சார்”, “ஸ்கேன் செக்‌ஷன் வேற சார், இது ரிசப்ஷன்”, “சிஸ்டம் ஸ்லோவா இருக்கு சார்”. மூன்றும் எண்ணெய் ஊற்றுகிற வேலை. முதலாவது அவரைக் குற்றவாளி ஆக்குகிறது. இரண்டாவது, கட்டடத்துக்குள் இருக்கும் பிரிவினையை அவர் தலையில் கட்டுகிறது. அவருக்கு ரிசப்ஷனும் ஸ்கேன் அறையும் ஒரே ஆஸ்பத்திரிதான். மூன்றாவதைக் கேட்டுக் கேட்டு அவருக்குக் காது புளித்திருக்கும்.

முதலில் பேசவிட வேண்டும். குறுக்கே பேசாவிட்டால், கோபக்காரர் தம்மிடம் இருப்பதையெல்லாம் கொட்டித் தீர்க்கப் பெரும்பாலும் ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. ஆனால் கேட்பவர் அடியோடு மௌனமாக இருந்தாலும் தப்பு. “ஹலோ, இருக்கீங்களா?” என்று இன்னொரு கோபம் கிளம்பும். “ம்… சொல்லுங்க சார்” என்பது போதும். கை எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.

அவர் மூச்சு வாங்கும் இடத்தில், அவர் சொன்ன விஷயத்தை ஒரே வாக்கியத்தில் திருப்பிச் சொல்வது. “நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு வர வேண்டிய ரிப்போர்ட் இன்னும் வரலை, ரெண்டு தடவை கூப்பிட்டும் பதில் இல்லை. அப்படித்தானே சார்?” அவர் “ஆமா” என்பார். அந்த போனில் அவர் சொல்கிற முதல் ஆமா அதுதான். இப்போது மன்னிப்பு, ஒரே ஒரு தடவை, குறிப்பான விஷயத்துக்கு: “ரெண்டு தடவை கூப்பிட்டும் நாங்க பதில் சொல்லாதது தப்புதான் சார்.” வாக்கியத்துக்கு வாக்கியம் ‘சாரி சார்’ போட்டால் அது வெறும் சத்தமாகிவிடும்.

பிறகு பெயர், ஃபைல் நம்பர். அதோடு ஒரு கேள்வி: “இன்னைக்கு டாக்டரைப் பார்க்க டோக்கன் போட்டிருக்கீங்களா சார்?”

“பன்னிரண்டு மணிக்குப் போட்டிருக்கும்மா. அப்பாவைக் கூட்டிக்கிட்டு உசிலம்பட்டியில இருந்து பஸ் ஏறணும். ரிப்போர்ட் இல்லாம வந்து என்ன பண்றது?”

முடிச்சு இங்கே இருக்கிறது. அவர் கேட்டது ரிப்போர்ட்டை. அவருக்கு இந்த நிமிடம் தெரிய வேண்டியதோ, கிளம்பலாமா வேண்டாமா என்பது. மூன்றாவது தடவையாகக் கூப்பிடுகிறவரை ஸ்கேன் அறைக்கு டிரான்ஸ்ஃபர் செய்யக்கூடாது. “நீங்க இப்ப கிளம்ப வேண்டாம் சார். ஸ்கேன் ரூம்ல நானே கேட்டுட்டு பத்து மணிக்குள்ள உங்களைக் கூப்பிடுறேன். பஸ் ஏற டைம் இருக்கும்ல?”

விசாரித்தால் காரணம் பெரும்பாலும் சாதாரணமாக இருக்கும். படத்தை டெக்னீஷியன் நேற்றே எடுத்துவிட்டார். அதைப் பார்த்து எழுத வேண்டிய ரேடியாலஜிஸ்ட் நேற்று மாலை வரவில்லை. இன்று இரண்டு மணிக்குத்தான் வருகிறார். பத்து மணிக்கு ரிசப்ஷன் சொல்ல வேண்டியது: “ரிப்போர்ட் ரெண்டரைக்கு மேலதான் கிடைக்கும் சார். டாக்டரோட சாயங்கால ஓபியில அஞ்சு மணிக்கு டோக்கனை மாத்தி வச்சிருக்கேன். டோக்கன் நம்பர் நாலு. ரெண்டரைக்கு ரிப்போர்ட் கையில வந்ததும் ஒரு போன் பண்றேன், அப்புறம் கிளம்புங்க.” ஒருவேளை பத்து மணிக்குள் ஸ்கேன் அறையில் பதிலே கிடைக்காவிட்டால்? அப்போதும் பத்து மணிக்குக் கூப்பிட்டு, “இன்னும் தெரியலை சார், பத்தரைக்குச் சொல்றேன்” என்று சொல்ல வேண்டும். சொன்ன நேரத்துக்குப் போன் வராவிட்டால் அதுவரை பேசியது எல்லாம் வீண். கொடுக்க முடியாத நேரத்தைச் சொல்லக் கூடாது என்பதும் இதனால்தான். ‘அஞ்சு நிமிஷம்’ என்று வாய் பழகியவர்கள் இந்த வேலையில் அதிகம்.

கோபம் ஒரு வகை, வசவு வேறு வகை. வார்த்தை தடித்தால் ஒரு தடவை எச்சரிக்கலாம்: “இந்த வார்த்தை பேசினா என்னால உதவ முடியாது சார். ரிப்போர்ட் விஷயத்தை மட்டும் சொல்லுங்க.” மறுபடி வந்தால், “லைனை வைக்கிறேன் சார்” என்று சொல்லிவிட்டு வைக்கலாம். அப்படி வைக்க அனுமதி உண்டு என்று நிர்வாகம் எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், திட்டியவர் மேலாளரைக் கூப்பிட்டுப் புகார் சொல்ல, பழி மேஜையில் இருப்பவர் மேல் விழும்.

ஆபாசமாகப் பேசுகிறவரோடு பேச்சே வேண்டாம். எச்சரிக்கையும் அவருக்குத் தீனிதான். வைத்துவிட்டு நேரம், நம்பர், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் நோட்டில் எழுத வேண்டும். எழுதக் கூசினாலும் அப்படியே. பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, பணியிடத்தில் தொடர்புக்கு வரும் வெளியாட்களிடமிருந்தும் ஊழியருக்குப் பாதுகாப்புத் தருவது முதலாளியின் கடமை என்கிறது. ‘ரிசப்ஷன்னா இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்’ என்று நிர்வாகம் தட்டிக்கழிக்க முடியாது. பெண்களுக்கான உதவி எண் 181.

சத்தம் போடாமல் சங்கடம் தருகிறவர்களும் உண்டு. “அக்கா, இருபத்தஞ்சாம் நம்பர் ரூம்ல இருக்காங்களே, அவங்களுக்கு என்னக்கா ஆபரேஷன்? நான் சொந்தக்காரன்தான்.” குரல் பணிவாக இருக்கும். நோயாளியின் ரகசியத்தைக் காக்கும்படி மருத்துவருக்கு 2002-ஆம் ஆண்டின் மருத்துவ கவுன்சில் நெறிமுறை சொல்கிறது. மருத்துவர் காக்கும் ரகசியத்தை ரிசப்ஷன் உடைக்கக் கூடாது. “ஆமா, இருக்காங்க, ஆனா சொல்லக் கூடாது” என்பதே பாதி தகவல். “உங்க பேரும் நம்பரும் குடுங்க தம்பி, அவங்க வீட்டாள்கிட்ட சொல்றேன். அவங்களே உங்களைக் கூப்பிடுவாங்க, இங்க இருந்தா” என்பது பாதுகாப்பான பதில். டாக்டரின் செல் நம்பர் கேட்பவருக்கும் இதே வழிதான்: நம்பரைக் கொடுப்பதில்லை, வாங்கிக்கொள்வது.

பணிவுக்காரர்களில் மோசடிக்காரரும் உண்டு. ராணுவ அதிகாரி என்று அறிமுகம் செய்துகொள்வார். இருபது வீரர்களுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும், முன்பணம் இப்போதே அனுப்புகிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் செய்யுங்கள் என்பார். பணம் பெறுவதற்கு யாரும் ஸ்கேன் செய்து பின் நம்பர் போட வேண்டியதில்லை; போட்டால் பணம் இங்கிருந்துதான் போகும். போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குக் கூப்பிட வேண்டும்.

இவர்கள் எல்லோரையும்விடக் கடினமானவர், பதற்றத்தில் பேச்சு வராதவர். “அப்பா… விழுந்துட்டாரு… வாய் கோணிருச்சு…” இங்கே உபசாரமும் வேண்டாம், ஹோல்டும் வேண்டாம். குரலைத் தாழ்த்தி, கேள்விகளை ஒவ்வொன்றாக, ஓரிரு சொல்லில் பதில் வரும்படி கேட்க வேண்டும். உங்க நம்பர்? எந்த ஊர்? பேசுறாரா, மூச்சு இருக்கா? பக்கவாதமாகத் தெரிந்தால் இன்னொன்று: “கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்?” மூளைக்குப் போகும் ரத்தத்தைத் தடுக்கும் கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அந்தக் கணக்கு இந்தப் பதிலிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. வீட்டில் வண்டி இல்லையென்றால் 108. மாத்திரை கொடுக்கலாமா, தண்ணீர் கொடுக்கலாமா என்று கேட்டால் ரிசப்ஷன் யோசனை சொல்லக் கூடாது. நம்பரைக் குறித்த பிறகு கேஷுவாலிட்டி நர்ஸுக்கு இணைத்து, அவர் பேசத் தொடங்கியதைக் காதால் கேட்டுவிட்டுத்தான் ரிசீவரை வைக்க வேண்டும்.

இத்தனை பயிற்சியும் இரவு எட்டு மணியோடு முடிந்துவிடுகிற மருத்துவமனைகள் பல. அதற்குப் பிறகு அந்த போன் செக்யூரிட்டி அண்ணனின் கைக்குப் போகிறது. அவருக்கு யாரும் எதுவும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். போனுக்குப் பக்கத்துச் சுவரில், பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டினால் போதும்: எடுத்ததும் சொல்ல வேண்டிய வரி, கேட்க வேண்டிய பெயரும் நம்பரும், கேஷுவாலிட்டி எக்ஸ்டென்ஷன், இரவுப் பொறுப்பு டாக்டரை யார் மூலம் கூப்பிடுவது, நோயாளி பற்றிக் கேட்டால் சொல்ல வேண்டிய ஒரே பதில். தாளை ஒட்டிய அன்று ராத்திரி பதினொரு மணிக்கு மேலாளர் வெளியிலிருந்து ஒரு போன் போட்டுப் பார்க்கலாம். எத்தனையாவது மணியில் எடுக்கிறார், முதலில் என்ன சொல்கிறார் என்பது அப்போது தெரிந்துவிடும்.